பேட்டரி தீர்ந்தால் பதிவும் தீர்ந்ததா? கைப்பதிவுக் கருவியுடன் 5 ஆண்டுகள்

நான் வைத்திருக்கும் கைப்பதிவுக் கருவியின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். ஒலித்தரத்தில் நான் குறை சொல்ல மாட்டேன். கோயில் வெளிப்பிராகாரத்தில் வைத்தாலும் நாதசுரமும் தவிலும் ஒன்றையொன்று விழுங்காமல் பதிவாகும். ஆனால் பதிவின் நீளத்தை, நிறுத்து பொத்தானை அழுத்திய பிறகுதான் இது கோப்பில் எழுதுகிறது. இடையில் பேட்டரி தீர்ந்தால் கோப்பு முடிவடையாமலே கிடக்கும். 5 ஆண்டுகளில் மூன்று முறை எனக்கு இது நேர்ந்தது.

கடைசியாகச் சென்ற மாதக் கச்சேரியில். கோப்பைத் திறந்தால் நீளம் 0 நொடி என்று காட்டியது. அளவோ ஏறத்தாழ 138 கோடி பைட். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் நொடிக்கு 2,88,000 பைட் ஆகும். வகுத்துப் பார்த்தால் 80 நிமிடம் வருகிறது. ஒலி முழுவதும் உள்ளே இருக்கிறது, கோப்பின் தொடக்கத்தில் நீளம் எழுதப்படும் தலைப்பகுதிதான் பொய் சொல்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

கார்டில் எதையும் எழுதாமல் கோப்பை முதலில் கணினிக்கு நகலெடுத்தேன். பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு நிரலில் File > Import > Raw Data வழியாகத் திறந்து, Signed 24-bit PCM, Little-endian, 2 சேனல் என்று கொடுத்தேன். தொடக்க இடத்தை 0 என்றே விட்டதால் காதைக் கிழிக்கும் இரைச்சல்தான் கேட்டது. இரு சேனலுக்கும் சேர்த்து ஓர் ஒலி மாதிரிக்கு 6 பைட். வேவ் கோப்பின் வழக்கமான தலைப்பகுதியோ 44 பைட். அதை 6-ஆல் வகுத்தால் 2 மிஞ்சுவதால், கடைசிவரை ஒவ்வொரு மாதிரியும் தவறான இடத்தில் வெட்டுப்படுகிறது. தொடக்க இடத்தை 44 ஆக்கியதும் நாதசுரம் தெளிவாக எழுந்தது.

ஆனாலும் நீளம் 87 நிமிடமாகக் காட்டியது, மேளமும் சோம்பலாக ஒலித்தது. நிரலில் மாதிரி வேகம் 44,100 என்றே இருந்திருக்கிறது. 48,000 என மாற்றியதும் நீளமும் சுருதியும் சரியாயின. கருவி கார்டுக்கு அனுப்பாமல் நினைவகத்தில் வைத்திருந்த கடைசிச் சில நொடிகள் மட்டும் போயின. மங்களம் அதில் அடங்கியதுதான் என் எரிச்சல்.

ஒரு முறை கோப்பின் அளவே 0 என்று காட்டியது. அதற்கு இந்த வழி உதவாது. ஒலி கார்டில் இருந்தாலும் அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு கோப்புப் பட்டியலில் இருக்காது. ஃபோட்டோரெக் போன்ற மீட்பு நிரலால் கார்டையே துழாவ வேண்டும். அன்று பாதிதான் கிடைத்தது.

இவ்வளவு நன்றாகக் கேட்கும் கருவியை வேறு எங்கும் நான் கண்டதில்லை. ஆனாலும் வாங்க வேண்டாம் என்றே நண்பரிடம் சொன்னேன்.