பாஸ்கீயா, கடவுச்சொல்லா? கைப்பேசி தொலைந்த பிறகு ஓர் ஒப்பீடு

கிளவுட் கணக்குகளில் கடவுச்சொல்லை விட்டு, கருவியின் திரைப்பூட்டைத் திறப்பதுபோலவே உள்ளே நுழைய விடும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீக்கு மாறியபோது என்னைத் தயங்க வைத்த கேள்வி ஒன்றுதான்: பாஸ்கீயை வைத்திருக்கும் கைப்பேசியே தொலைந்து போனால் என்ன செய்வது? மாறிய சில மாதங்களிலேயே, ஒரு ரயில் பயணத்தில் கைப்பேசியைத் தொலைத்துவிட்டு, அந்தக் கேள்விக்கு நானே விடை தேட வேண்டியதாயிற்று. இன்றும் நான் பாஸ்கீயின் பக்கம்தான் நிற்கிறேன்; ஆனால் முதலில் சொல்லிக்கொண்டிருந்த பாதுகாப்பு என்ற காரணத்துக்காக மட்டும் அல்ல.

பாதுகாப்பு குறித்து நீட்டிப் பேச வேண்டியதில்லை. கடவுச்சொல் என்பது உங்களுக்கும் சேவையகத்துக்கும் பொதுவான ரகசியம். போலித் தளம் ஒன்றில் தட்டச்சு செய்துவிட்டால் அது பறிபோய்விடும். பாஸ்கீயில் தனிச்சாவி உங்களிடமே இருக்கிறது, சேவையகத்திடம் அதன் இணையான பொதுச்சாவி மட்டுமே இருக்கிறது; தளத்தின் பெயரோடு பிணைக்கப்பட்டிருப்பதால், முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பிரவுசர் அதைப் பயன்படுத்த விடாது. இந்த ஓர் அம்சத்தில் கடவுச்சொல்லுக்காக வாதாட எதுவும் இல்லை. ஆகவே இரண்டையும் எடைபோட வேண்டிய இடம் உள்ளே நுழையும் வழியல்ல, நுழைய முடியாமல் போகும்போது திரும்பி வரும் வழி.

அந்த வழியை முடிவு செய்வது பாஸ்கீ எங்கே குடியிருக்கிறது என்பதுதான். ஒரு வகைப் பாஸ்கீ, ஆப்பிளின் ஐகிளவுட் கீசெயின், கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர் போன்றவற்றின் வழியாக, முழுமையாகக் குறியாக்கம் செய்யப்பட்டு உங்கள் மற்றக் கருவிகளுக்கும் ஒத்திசைகிறது. இன்னொரு வகை, உருவான கருவியை விட்டு வெளியே வருவதே இல்லை. யூஎஸ்பி பாதுகாப்புச் சாவிகளும், அலுவலகக் கணக்குகளுக்கான சில அங்கீகாரச் செயலிகளும் இப்படிப்பட்டவை. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கருவி தொலையும்போதுதான் வித்தியாசம் முகத்தில் அறையும்.

என் கைப்பேசியில் அன்று மூன்று கணக்குகள் இருந்தன. முதலாவதில் ஒத்திசையும் பாஸ்கீ, இரண்டாவதான அலுவலகக் கணக்கில் கருவியோடு கட்டப்பட்ட பாஸ்கீ, மூன்றாவதில் பழைய பாணியில் நீளமான கடவுச்சொல்லும், அதற்குத் துணையாக அங்கீகாரச் செயலி காட்டும் ஆறிலக்க எண்ணும்.

புதுக் கைப்பேசி வாங்கியதும், இந்த மூன்றுக்கும் முன்பாக, பாஸ்கீகளின் ஒத்திசைவைக் காக்கும் கணக்கில் நுழைய முயன்றேன். அது கேட்ட உறுதிப்படுத்தல் தொலைந்த கைப்பேசிக்கே போயிற்று. குறுஞ்செய்தியைத் தேர்ந்தெடுத்தால், அந்தச் சிம்மும் அதே கைப்பேசியில்தான் இருந்தது. பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்த கதை. பல மாதங்களுக்கு முன் ஒரு தாளில் அச்சிட்டு வைத்திருந்த, ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே செல்லும் பத்து பேக்கப் குறியீடுகளில் ஒன்றுதான் காப்பாற்றியது. அதற்கு முன் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லையும் நினைவிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அடுத்து, பழைய கைப்பேசியின் திரைப்பூட்டு எண்ணைக் கேட்டது. ஒத்திசைத்த சாவிகளைத் திறக்கும் திறவுகோல் அதுதான். தவறாக இடுவதற்குச் சில வாய்ப்புகளே உண்டு, ஐகிளவுட் கீசெயினில் பத்தாவது தவறோடு மீட்புப் பதிவே அழிக்கப்பட்டுவிடும். சரியான எண்ணை இட்டதும் பாஸ்கீகள் வந்து சேர்ந்தன, முதல் கணக்கு திறந்தது. எல்லாமாக அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அலுவலகக் கணக்கின் பாஸ்கீ வரவில்லை, வரவும் வராது. நிர்வாகி என்னை நேரில் பார்த்து உறுதிசெய்து, குறுகிய நேரமே செல்லும் தற்காலிக அனுமதிக் குறியீடு ஒன்றைக் கொடுத்தார். அதைக் கொண்டு நுழைந்து புதிய பாஸ்கீ உருவாக்கினேன். மறுநாள் காலைக்குள் அதுவும் முடிந்தது. நிர்வாகி என்று ஒருவர் இல்லாத சொந்தக் கணக்காக இருந்தால் கதை வேறு.

ஆறு நாள் இழுத்தடித்தது மூன்றாவது கணக்கு. கடவுச்சொல் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் ஆறிலக்க எண்ணை உருவாக்கும் ரகசியம் தொலைந்த கைப்பேசியில் மட்டுமே இருந்தது, அதற்கு நான் நகல் எடுத்து வைக்கவில்லை. மின்னஞ்சலில் விண்ணப்பம், அடையாளச் சரிபார்ப்பு, காத்திருப்பு என்று நாட்கள் நகர்ந்தன. கைப்பேசி தொலைந்தால் பாஸ்கீ கைவிட்டுவிடும், கடவுச்சொல் கூடவே வரும் என்று சொல்பவர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள். ஆறிலக்க எண் போன்ற இரண்டாம் காரணி இல்லாத வெறும் கடவுச்சொல் கூடவே வரும் என்பது உண்மைதான், ஆனால் கிளவுட் கணக்கை அப்படித் திறந்து போட்டுவைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மீண்டு வந்த பிறகு செய்ய வேண்டிய துப்புரவில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒத்திசையும் பாஸ்கீயைப் பொறுத்தவரை, தொலைந்த கைப்பேசியில் இருப்பதும் புதியதில் வந்திறங்கியதும் ஒரே சாவி. பயத்தில் அதைக் கணக்கின் அமைப்புகளிலிருந்து நீக்கினால், சேவையகத்திலுள்ள பொதுச்சாவி போய்விடுவதால் புதுக் கைப்பேசியும் சேர்ந்தே வெளியே நிற்கும். முதலில் புதிய ஒன்றை உருவாக்கிவிட்டுப் பழையதை நீக்கலாம் என்று பார்த்தால், பல தளங்கள் இந்தக் கருவியில் ஏற்கெனவே பாஸ்கீ இருக்கிறது என்று மறுத்துவிடும். ஆகவே ஒரு பாதுகாப்புச் சாவியிலோ வேறொரு பாஸ்வேர்டு மேனேஜரிலோ முதலில் ஒன்றை உருவாக்கி, அதைக் கொண்டு நுழைந்து பார்த்த பின்னர்தான் பழையதை நீக்கினேன்.

உண்மையில் அந்த அவசரமும் தேவைப்படவில்லை. கைப்பேசியை எடுத்தவருக்குத் திரைப்பூட்டு எண்ணோ, விரல் ரேகையோ, முகமோ இல்லாமல் பாஸ்கீ பயன்படாது. ஆபத்து அதற்குப் பக்கத்தில் இருக்கிறது: ஏற்கெனவே உள்நுழைந்த நிலையில் இருக்கும் செயலிகள். பாஸ்கீயை நீக்குவதால் அந்த அமர்வுகள் தாமாக முடிந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் கட்டளையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். நான் மடிக்கணினியிலிருந்து தொலைவழிப் பூட்டை இட்டவுடன் முதலில் செய்தது அதைத்தான். எண்ணை அழுத்தும்போது யாராவது எட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு கைப்பேசியைப் பறித்திருந்தால் மட்டும் இந்தக் கணிப்பு தலைகீழாகும். அப்போது பாஸ்கீயையும் உடனே நீக்கத்தான் வேண்டும்.

கடவுச்சொல் இன்னும் வெல்லும் இடங்கள் சில உண்டு. பிறருடைய கணினியில் அவசரமாக நுழைய வேண்டும், கையில் கைப்பேசி இல்லை என்றால் பாஸ்கீயால் உதவ முடியாது. க்யூஆர் குறியீட்டை வருடி நுழையும் முறைக்கும் கைப்பேசி அருகில் இருந்து, இரு கருவிகளிலும் புளூடூத் இயங்கியாக வேண்டும். எல்லாச் சேவைகளும் கடவுச்சொல்லைக் கைவிடவும் இல்லை. அமேசானின் கிளவுட் சேவை 2024 ஜூனில் பாஸ்கீயை ஏற்றது, ஆனால் கடவுச்சொல்லுக்கு அடுத்த இரண்டாம் காரணியாக. ஒரு கணக்குக்கு இத்தகைய கருவிகள் எட்டு வரை பதியலாம் என்பதால், ஒன்றோடு நிற்பதற்குக் காரணமே இல்லை. ஒரு நிறுவனத்தின் கைப்பேசியிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் கைப்பேசிக்குப் பாஸ்கீகளை மொத்தமாக மாற்றும் வேலையை மட்டும் நான் செய்து பார்த்ததில்லை. என் அனுபவம் ஒரே குடும்பக் கருவிகளுக்குள் அடங்கியது.

இப்போது ஒவ்வொரு முக்கியக் கணக்கிலும் இரண்டு பாஸ்கீ வைத்திருக்கிறேன்: ஒன்று கைப்பேசி வழியாக ஒத்திசைவது, மற்றது வீட்டு அலமாரியில் கிடக்கும் பாதுகாப்புச் சாவியில். மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரே கடவுச்சொல் ஒத்திசைவுக் கணக்கினுடையது. பேக்கப் குறியீட்டுத் தாளில் பயன்படுத்திய எண்ணை அடித்துவிட்டேன். மீதி ஒன்பதும் பாதுகாப்புச் சாவி இருக்கும் அலமாரியில் இல்லாமல், வேறொரு வீட்டில் இருக்கின்றன.