கன்று ஈன்ற மாட்டுக்குக் கீட்டோசிஸ்: குளுக்கோஸ் பாட்டிலா, ஐந்து நாள் வாய்வழி மருந்தா?

ஈன்று எட்டு, பத்து நாள் ஆன மாடு. அடர்தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது, வைக்கோலை மட்டும் மெல்லுகிறது, பால் தினமும் இரண்டு லிட்டர் இறங்குகிறது. இப்படிச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் சிகிச்சையையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்: "டாக்டர், ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திடுங்க." ஏற்றினால் மாடு எழுந்து தின்னவும் செய்யும், நமக்கும் நல்ல பெயர். இரண்டு நாள் கழித்து அதே மாட்டுக்கு அதே போன் வரும், அதுதான் சிக்கல்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் ஏன் என்று புரிந்துவிடும். ஒரு லிட்டர் பால் சுரக்க மாட்டுக்கு ஏறத்தாழ 70 கிராம் குளுக்கோஸ் வேண்டும், பாலில் உள்ள லாக்டோஸ் அதிலிருந்துதான் வருகிறது. 20 லிட்டர் கறக்கும் மாடென்றால் பாலுக்கு மட்டும் நாளொன்றுக்கு 1.4 கிலோ. 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் கரைசலை 500 மில்லி ஏற்றினால் உள்ளே போவது 250 கிராம், அதாவது மூன்றரை லிட்டர் பாலுக்கானது. அதிலும் வேகமாக ஏற்றினால் ஒரு பங்கு சிறுநீரில் வெளியேறிவிடும். இரத்தத்தில் கூடிய சர்க்கரை சில மணி நேரத்தில் பழைய நிலைக்கே இறங்கிவிடுகிறது. 5 சதவீத பாட்டிலின் கதை இன்னும் மோசம்: 500 மில்லியில் 25 கிராம், அரை லிட்டர் பாலுக்குக்கூடக் காணாது. பாட்டில் என்று கேட்பவர்களில் எத்தனை பேர் அதன் மேல் எழுதியிருக்கும் சதவீதத்தைப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை, முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மாடு அசைபோடும் பிராணி என்பதால், தின்னும் மாவுச்சத்து பெரும்பாலும் சர்க்கரையாகக் குடலில் ஏறுவதில்லை. முதல் வயிற்றில் நொதித்துக் கொழுப்பு அமிலங்களாக மாறுகிறது, அதில் புரோப்பியோனேட் என்பதை வைத்துக் கல்லீரல்தான் குளுக்கோஸைச் செய்துகொள்கிறது. ஈன்ற பிறகு பால் வேகமாக ஏறும், தீவனம் தின்னும் அளவு சில வாரம் பின்தங்கும். அந்த இடைவெளியில் மாடு தன் கொழுப்பைக் கரைக்கும், கல்லீரல் அவ்வளவையும் முழுதாக எரிக்க முடியாமல் கீட்டோன்களாக வெளியே தள்ளும். கீட்டோன் கூடினால் பசி இன்னும் குறையும், பசி குறைந்தால் இன்னும் கொழுப்பு கரையும். பாட்டில் இந்தச் சுழலைச் சில மணி நேரம் நிறுத்துகிறது, சரியான வாய்வழி மருந்து கல்லீரலுக்கு நாள்தோறும் மூலப்பொருள் கொடுக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

சிகிச்சைக்குள் போகும் முன், இது கீட்டோசிஸ்தானா என்று தெரிய வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரிவது: அடர்தீவனத்தை முதலில் ஒதுக்குவது, சாணி இறுகி மேலே சளி பூசியது போல் பளபளப்பது, முதுகும் இடுப்பும் ஒரே வாரத்தில் வற்றுவது. மூச்சிலும் பாலிலும் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசனை வரும் என்பார்கள். எனக்கு அது பாதி நேரம் தெரிவதில்லை, எல்லோர் மூக்குக்கும் அது பிடிபடாது. சில மாடுகள் சுவரையும் தன் உடம்பையுமே விடாமல் நக்கும், வெறுமனே மெல்லும், தலையை முட்டிக்கொண்டு நிற்கும், முரண்டு பிடிக்கும். அது நரம்பு சார்ந்த வடிவம், அதை வெறிநோயாகக்கூட எண்ணிக் குழம்ப இடமுண்டு. ஆனால் பெரும்பாலான மாடுகளில் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது, பால் மட்டும் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாமல் நிற்கும். அதனால்தான் சோதனை வேண்டும். எதைச் சோதிப்பது, சிறுநீரா, பாலா, இரத்தமா?

மலிவும் கையருகே இருப்பதும் சிறுநீர் ஸ்ட்ரிப்தான். மனிதர்களுக்கான கீட்டோன் ஸ்ட்ரிப்பே போதும். பெண்குறிக்குக் கீழே உள்ள தோலை விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தால் பெரும்பாலான மாடுகள் ஒரு நிமிடத்தில் சிறுநீர் கழிக்கும், சில அடம் பிடிக்கும். நனைத்த ஸ்ட்ரிப்பைப் புட்டியில் போட்டிருக்கும் நேரத்தில், வழக்கமாக 15 வினாடியில், படிக்க வேண்டும். பேசிக்கொண்டே இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லா மாட்டுக்கும் ஊதா நிறம்தான். மூடி சரியாக மூடாத புட்டியில் ஈரம் ஏறிய ஸ்ட்ரிப்பும் பொய் சொல்லும். நிறமே மாறவில்லை என்றால் கீட்டோசிஸ் இல்லை என்று ஓரளவு தைரியமாக இருக்கலாம். இலேசாக மாறினால்தான் சந்தேகம்.

அதே ஸ்ட்ரிப்பைப் பாலில் நனைப்பவர்களும் உண்டு, வேண்டாம் என்பேன். அது காட்டும் அசிட்டோ அசிட்டேட் என்ற கீட்டோன் பாலில் மிகக் குறைவு, நோய் உள்ள மாடுகள் பலவும் நல்ல மாடு என்று தப்பிவிடும். பாலுக்கென்றே தனி ஸ்ட்ரிப் இருக்கிறது, சிறுநீர் பிடிக்க முடியாதபோது அது பரவாயில்லை.

துல்லியம் என்றால் இரத்தம்தான். மனிதர்களுக்கு விற்கும் கையடக்கக் கீட்டோன் மீட்டரே மாட்டு இரத்தத்தில் நம்பகமாக வேலை செய்கிறது. வால் அடியில் உள்ள இரத்தநாளத்திலிருந்து ஒரு துளி போதும். வயிற்றுக்கு அடியில் ஓடும் பால் நரம்பில் எடுக்கக் கூடாது, மடி கீட்டோனை உறிஞ்சிக்கொண்ட பிறகு திரும்பும் இரத்தம் அது, அளவு குறைத்தே காட்டும். லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினால் மறைமுகக் கீட்டோசிஸ், 3 தாண்டினால் பொதுவாக வெளிப்படையான அறிகுறிகள் இருக்கும். தீவனம் வைத்த சில மணி நேரத்தில் அளவு ஏறும் என்பதால், தொடர்ந்து பார்க்கும்போது ஒரே நேரத்தில் பார்ப்பது நல்லது. என் வழக்கம் இது: ஈன்ற 3-ம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் இரண்டு தடவை சிறுநீர் ஸ்ட்ரிப், சந்தேகம் வந்தால் மட்டும் மீட்டர். எல்லா மாட்டுக்கும் மீட்டர் வைத்துக் காசைக் கரைக்க வேண்டியதில்லை.

அப்புறம் எந்தச் சோதனைக்கும் முன்னால் தெர்மாமீட்டர். கீட்டோசிஸில் காய்ச்சல் இருக்காது, வெப்பம் 38க்கும் 39.3க்கும் இடையே நிற்கும். அதற்கு மேல் போனால் பெரும்பாலும் கருப்பையிலோ மடியிலோ கிருமி இருக்கும், கீட்டோன் அதன் பின்னால் வந்ததாக இருக்கலாம்.

இப்போது சிகிச்சை. வாய்வழி மருந்து என்று நான் சொல்வது புரோப்பிலீன் கிளைக்கால். 300 மில்லி, நாளுக்கு ஒரு தடவை, ஐந்து நாள். ஒரு பகுதி முதல் வயிற்றில் புரோப்பியோனேட்டாக மாறும், மீதி அப்படியே கல்லீரலுக்குப் போய்க் குளுக்கோஸ் ஆகும். தீவனத்தில் கலந்து வைத்தால் பலன் குறையும், சுவை பிடிக்காமல் தீவனத்தையே ஒதுக்கவும் கூடும். ஒரே தடவையாக வாயில் ஊற்ற வேண்டும், ஆனால் தலையை வானம் பார்க்கத் தூக்காமல், நாக்கை இழுக்காமல். மருந்து நுரையீரலுக்குப் போனால் கீட்டோசிஸ் பரவாயில்லை என்றாகிவிடும். மயக்கத்தில் கிடக்கும் மாட்டுக்கு ஊற்றவே கூடாது. இன்னொன்று, சீக்கிரம் தேறட்டும் என்று அளவைக் கூட்டினால் மாடு தள்ளாடும், எச்சில் ஒழுகும், மந்தமாகும். கால்நடை அல்லது மருந்துத் தரம் என்று எழுதியதை மட்டும் வாங்குங்கள். வண்டி ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் பெயரில் ஒத்திருந்தாலும் அது விஷம்.

கிளிசரினும் ஊற்றலாம், ஆனால் அதே பலனுக்கு அளவு அதிகம் வேண்டும், முதல் வயிற்றில் நிறைய நொதித்துப்போகும். வெல்லப்பாகு, சர்க்கரைக் கரைசலை நான் இந்தப் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன். அது முதல் வயிற்றில் நொதித்துக் கணிசமாக பியூட்டிரேட் ஆகும், பியூட்டிரேட் கீட்டோனாகிறது. நெருப்பை அணைக்க எண்ணெய் ஊற்றிய கதை.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசிக்கும் ரசிகர்கள் உண்டு. சர்க்கரை ஏறும், பால் குறையும், மாடு ஒரு நாள் உற்சாகமாகத் தெரியும். ஈன்ற மாட்டின் நோய் எதிர்ப்பு ஏற்கெனவே தளர்ந்திருக்கும் காலத்தில் அதை இன்னும் அமுக்கும் ஊசியை முதல் வைத்தியமாகப் போட எனக்கு மனம் வருவதில்லை, கருப்பையில் கிருமி என்றால் நிச்சயம் இல்லை.

ஒரு மாட்டைச் சொல்கிறேன். மூன்றாவது ஈற்று, ஈன்று 9 நாள். ஈனும்போதே கொழுத்த மாடு, ஐந்துக்கு நாலு மதிப்பெண் போடலாம், மூன்றரைக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. 21 லிட்டர் வந்தது 15 ஆகிவிட்டது. முந்தின நாள் யாரோ 5 சதவீத பாட்டில் இரண்டு ஏற்றியிருந்தார்கள், மொத்தம் 50 கிராம். அன்று மாலை கொஞ்சம் தின்றதாம், காலையில் மறுபடி ஒன்றுமில்லை. வெப்பம் 38.6. ஸ்ட்ரிப் 15 வினாடிக்குள் கருஞ்சிவப்பு ஊதா, மீட்டரில் 3.6.

இங்கே நான் பாட்டிலை ஒதுக்கவில்லை. அளவு இவ்வளவு இருக்கும்போது, அல்லது நரம்பு வடிவம் தெரியும்போது, 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி ஒரே ஒரு தடவை, கழுத்து இரத்தநாளத்தில் மெதுவாக. நாளத்துக்கு வெளியே கசிந்தால் வீங்கிவிடும். அதே மணியில் கிளைக்கால் முதல் 300 மில்லி. மறுநாள் 2.4, மூன்றாம் நாள் 1.7, ஆறாம் நாள் 0.9. பால் ஆறாம் நாளில் 19, பத்தாம் நாளில் பழைய அளவு. இடையில் உரிமையாளர் கேட்டது, "நல்லாத்தானே இருக்கு, நாலாவது நாள் ஊத்தணுமா?" ஊற்றத்தான் வேண்டும்.

தீவனத்தில் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. நல்ல பசுந்தீவனம் எப்போதும் முன்னால் இருக்கும்படி வைத்தோம், அடர்தீவனத்தை நாலு வேளையாகப் பிரித்து, இரண்டு நாளுக்கு அரைக் கிலோ வீதம் மட்டும் ஏற்றினோம். ஈடுகட்டுகிறேன் என்று ஒரே நாளில் மூன்று கிலோ கொட்டினால் முதல் வயிறு புளித்துத் தின்பது மறுபடி நின்றுவிடும்.

இதே வைத்தியம் இன்னொரு மாட்டில் பலிக்கவில்லை. மீட்டரில் 2.1, மூன்று நாள் கிளைக்கால் ஊற்றியும் 2.3. ஒரு நாள் தின்னும், மறுநாள் நிறுத்தும். இடது விலாவின் பின்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து அருகே விரலால் சுண்டினால் காலிக் குடத்தைத் தட்டியது போல 'டிங்' என்றது, நாலாவது வயிறு காற்றடைத்து இடம் மாறியிருந்தது. அதைத் தைத்து நிறுத்தும் வரை எந்தப் பாட்டிலும் எந்தக் கிளைக்காலும் வேலைக்கு ஆகாது. மூன்றாம் நாள் கீட்டோன் இறங்கவில்லை என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன்னால் நான் விலாவைத் தட்டிப் பார்ப்பது அந்த மாட்டுக்குப் பிறகுதான்.