வாராந்திர ஸ்டாண்டப் பேச்சை எழுத்துப் பதிவாக மாற்றியது: இரண்டு மழைக்கால அனுபவம்

எங்கள் குழு சின்னது. குன்னூரில் இரண்டு பேர், கோத்தகிரியில் ஒருவர், கூடலூரில் ஒரு தம்பி. தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் பச்சை இலைக் கொள்முதல் கணக்கு மென்பொருள் செய்கிறோம். சிறு விவசாயி கொண்டுவரும் இலையின் எடை, சாக்குக் கழிவு, மாதக் கடைசியில் பில், இவ்வளவுதான் அதன் வேலை. திங்கள்தோறும் காலையில் கால் மணி நேரம் ஸ்டாண்டப் பேசுவோம். ஜூலையில் கூடலூர்ப் பக்கம் மழை பிடித்தால் அந்தத் தம்பி வர முடியாது. நவம்பரில் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அதே கதி. மரம் சாய்ந்தால் கரண்டும் நெட்டும் ஒன்றாகப் போகும். வராதவருக்கு என்ன பேசினோம் என்று தெரியாது, ஒரு மாதம் கழித்து வந்தவருக்கும் நினைவிருக்காது.

முதலில் ஒருவர் குறிப்பெடுப்பது என்று வைத்தோம். அது சரிவரவில்லை. ‘தராசு இணைப்பு பற்றிப் பேசப்பட்டது’ என்ற மாதிரி வரிகள்தான் மிஞ்சின. பேசியது தெரிகிறது, என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அப்புறம் அவரவர் பங்கை அவரவரே, திங்கள் காலைக்குள், கோட் இருக்கும் ரெப்போவிலேயே எழுதுவது என்று மாற்றினோம். ஆளுக்கு நாலே வரி:

```
முடிந்தது: சாக்குக் கழிவு திரை, சோதனையுடன்
அடுத்து: மாத பில் பிரிண்ட்
தடை: தராசு கேபிள் விவரம், விற்பனையாளரிடம், 3-ம் தேதி முதல்
முடிவு: இல்லை
```

இதில் தடை வரிதான் உயிர். என்ன வேண்டும், யாரிடமிருந்து, எந்தத் தேதியிலிருந்து என்ற மூன்றும் இருக்க வேண்டும். ‘தராசு வேலை நடக்கிறது’ என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. தேதி இருந்தால் அடுத்த வாரம் அதே வரி திரும்ப வரும்போது கண்ணில் குத்தும். அப்படி ஒரு முறை வந்தபோது கூடலூர் தம்பிக்கு போன் போட்டேன். “மெயில் ரெண்டு தடவை போட்டாச்சு அக்கா, பதிலே இல்ல” என்றான். பேச்சில் இதை “கேட்டிருக்கேன்” என்ற ஒரே சொல்லில் கடந்திருப்பான், நாங்களும் தலையாட்டியிருப்போம். அன்றைக்கே வேறு வழியில் விவரம் வாங்கினோம்.

முடிவு வரி பெரும்பாலும் ‘இல்லை’தான். ஆனால் அது இருக்கும் வாரங்கள் முக்கியமானவை. ஒரு வாரம் இப்படி எழுதியிருந்தோம்: ‘எடையைத் தினமும் முழுக் கிலோவாக்க வேண்டாம், மாத மொத்தத்தில் மட்டும். தினம் 18.6 கிலோ தருபவருக்கு 0.6-ஐ வெட்டினால் 25 நாளில் 15 கிலோ போகும்.’ பல மாதம் கழித்து ஒரு தொழிற்சாலைக் கணக்கர், தினச் சீட்டில் தசமம் எதற்கு, எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். புதிதாகச் சேர்ந்திருந்தவர் மாற்றவே கிளம்பிவிட்டார். எதையும் மாற்றுமுன் பழைய பதிவில் தேடிப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் தப்பியது:

```
git grep -n "முழுக் கிலோ" log/
```

காரணத்தையும் அந்தக் கணக்கையும் அப்படியே கணக்கருக்கு அனுப்பினோம், ஒத்துக்கொண்டார். ‘தசமம் வைத்துக்கொள்வோம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அவரிடம் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. அதனால் முடிவு வரியில் ‘ஏன்’ இல்லாவிட்டால் அதை எழுதி முடித்ததாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

வாரத்துக்கு ஒரு கோப்பு வைக்கிறோம். பெயரை `date +%G-W%V` கொடுத்து எடுப்பது நல்லது. `%G` இடத்தில் `%Y` போட்டால் ஆண்டுக் கடைசியில் குழப்பும். 2024 டிசம்பர் 30 வாரக் கணக்கில் 2025-ன் முதல் வாரம். `%Y` அதற்கு 2024-W01 என்று பெயர் தரும், அந்தப் பெயரில் ஜனவரிக் கோப்பு ஏற்கெனவே இருக்கும்.

எல்லோரும் ஒரே கோப்பின் அடியில் எழுதுவதால் மெர்ஜ் மோதல் வரும். கரண்ட் வந்ததும் நாலு பேரும் ஒரே நேரத்தில் அனுப்பும் நாட்களில் இது நிச்சயம். `.gitattributes` கோப்பில் இந்த ஒரு வரி போதும்:

```
log/*.md merge=union
```

இரண்டு பக்க வரிகளையும் அது வைத்துக்கொள்ளும். ஆனால் ஒரே வரியை இருவர் திருத்தினால் இரண்டு வடிவமும் நின்றுவிடும், வரிசையும் கலையலாம். அதனால் அடுத்தவர் பகுதியில் கை வைப்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். கோட் கோப்புகளுக்கு இதைப் போடவே கூடாது.

பேச்சை முழுசாக விடவில்லை. தடை வரி இருக்கும் வாரம் சம்பந்தப்பட்ட இருவர் மட்டும் போனில் பேசுகிறார்கள். புதிதாகச் சேர்பவரோடு முதல் சில வாரம் நான் தனியாகப் பேசிவிடுவேன். எதைத் தடை என்று எழுதலாம் என்பதே அவருக்குப் புரியாமல் இருக்கும், தயக்கம் குரலில்தான் தெரியும். தொழிற்சாலையில் எடைபோடுவது நின்றுபோனால் பதிவுக்காக யாரும் காத்திருப்பதில்லை. உடனே போன்தான், எழுதுவது சாயங்காலம்.