பேட்டரி செத்த கணினியில் டி.என்.எஸ் சர்வர்: நீண்ட நாள் அனுபவமும் ஒரு திங்கட்கிழமையும்

நாங்கள் பராமரிக்கும் ஒரு பள்ளியில், பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஃப்ரீபிஎஸ்டி போட்டு அன்பவுண்டை டி.என்.எஸ் சர்வராக ஓட்டுகிறோம். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வேண்டாத தளங்களைத் தடுப்பதிலும், லேபில் எல்லோரும் ஒரே தளத்தைத் திறக்கும்போது கேஷிலிருந்து உடனே பதில் தருவதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு திங்கட்கிழமை காலை முழுக்க பள்ளியில் இணையம் கிடையாது. டீமில் ஜூனியர் என்பதால் அறிக்கை எழுதும் வேலை வழக்கம்போல என் தலையில்.

லைன் நன்றாகத்தான் இருந்தது, 8.8.8.8-க்கு பிங் போனது, பெயர் கொடுத்தால் மட்டும் எதுவும் திறக்கவில்லை. அன்பவுண்டை ரீஸ்டார்ட் செய்தும் அதே கதை.

```
dig @192.168.1.2 example.org
dig +cd @192.168.1.2 example.org
date
```

முதல் கட்டளைக்கு `SERVFAIL`, இரண்டாவதற்கு ஒழுங்கான பதில். `+cd` என்றால் பதிலோடு வரும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் கொடு என்று கேட்பது. அப்படியென்றால் சர்வர் வெளியே போய் பதிலை வாங்கி வருகிறது, டி.என்.எஸ்.செக் எனும் அந்தக் கையொப்பச் சரிபார்ப்பில்தான் தூக்கிப் போடுகிறது. மூன்றாவது கட்டளை வருஷம் 2012 என்றது!

ஒவ்வொரு கையொப்பத்துக்கும் தொடக்க நேரம், முடிவு நேரம் உண்டு. 2012-இல் இருக்கும் கணினிக்கு இன்றைய கையொப்பம் எதுவும் இன்னும் தொடங்கவே இல்லை. கையொப்பமே இல்லாத தளமும் தப்பாது, ஏனென்றால் 'இதற்குக் கையொப்பம் கிடையாது' என்பதையே மேலே உள்ள டொமைன் கையொப்பமிட்டுத்தான் சொல்கிறது. சரி, நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்.டி.பி திருத்தாதா? என்.டி.பி சர்வரைப் பெயரால் கொடுத்திருந்தோம், பெயரைக் கண்டுபிடிக்க டி.என்.எஸ் வேண்டும், டி.என்.எஸுக்குச் சரியான நேரம் வேண்டும்.

மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கிறது. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை ஸ்டாண்ட்பை மின்சாரமே கடிகாரத்தை ஓட்டிவிடும், அதனால் எத்தனை ரீபூட் செய்தாலும் வெளியே தெரியாது. சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை, யு.பி.எஸ்ஸும் இறங்கிவிட்டது, கடிகாரம் பயாஸின் பழைய தேதிக்குப் போய்விட்டது.

தேதியைக் கையால் சரிசெய்து, கேஷில் தங்கிய தோல்விகள் போக அன்பவுண்டை மறுபடி ரீஸ்டார்ட் செய்ததும் எல்லாம் வந்துவிட்டது. அப்புறம் பேட்டரி மாற்றினோம், `162.159.200.1` என்ற என்.டி.பி சர்வரை ஐ.பி எண்ணாகவே சேர்த்தோம். 1000 விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் என்.டி.பி.டி திருத்தாமல் வெளியேறிவிடும் என்பதால் `rc.conf`-இல் `ntpd_sync_on_start="YES"` என்ற வரியும் போட்டோம்.

இரண்டாவது டி.என்.எஸ்ஸாக 8.8.8.8 கொடுத்துவிடலாமே என்று பள்ளியில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சில சாதனங்கள் முதலாவது நன்றாக இருக்கும்போதே இரண்டாவதிடம் போகும், தடுப்புப் பட்டியல் ஓட்டையாகிவிடும். அதற்குப் பதில் இன்னொரு கணினியில், புது பேட்டரியோடு, இரண்டாவது அன்பவுண்ட் ஓடுகிறது.