எண்ணிக்கை சமம், வேலை சமமில்லை: வேலூரில் ஏ.ஆர். வேலைக்குச் சேருகிறவர்கள் கவனத்துக்கு

சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் மெடிக்கல் பில்லிங் ஆபீஸில் ஏ.ஆர். வேலைக்குச் சேரப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுச் சேருங்கள். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு: அமெரிக்க ஆஸ்பத்திரி அனுப்பிய பில்லுக்கு இன்சூரன்ஸ்காரர் பணம் தராமல் இழுத்தடித்தாலோ மறுத்தாலோ, ஏன் என்று கேட்டுப் பணத்தை வரவைப்பது. நைட் ஷிஃப்ட். எல்லாக் கிளைமும் ஒரே பொதுக் க்யூவில் வந்து விழும். `Get Next` பட்டனை அழுத்தினால் இருப்பதில் பழையது நம் பெயருக்கு வர வேண்டும் என்பது விதி. ஒரு ஷிஃப்டுக்கு டார்கெட் 40 கிளைம்.

இந்த 40-இல்தான் விஷயம் இருக்கிறது. கிளைம் எல்லாம் ஒரே எடை கிடையாது. இன்சூரன்ஸ் போர்ட்டலில் போய் நிலவரம் பார்த்துக் குறிப்பு எழுதினால் முடிகிற கிளைம் ஐந்து நிமிடம். `CO-50` என்று மறுக்கப்பட்டது வந்தால், அதாவது இந்தச் சிகிச்சை மருத்துவ ரீதியாகத் தேவையில்லை என்று அவர்கள் சொல்லிவிட்டால், போன் போட்டு, ஹோல்டில் பாட்டுக் கேட்டு, என்ன ஆவணம் வேண்டுமென்று விசாரித்து, அப்பீலுக்குத் தயார் செய்ய வேண்டும். சராசரியாக 25 நிமிடம் போய்விடும்.

எனக்கு நடந்த ஒரு இரவின் கணக்கு. பிரேக் போக எட்டு மணி நேரம், 480 நிமிடம். எனக்கு வந்த மறுப்புக் கிளைம் 15. அதற்கே 375 நிமிடம். மிச்சம் 105 நிமிடத்தில் போர்ட்டல் கிளைம் 21. மொத்தம் 36, டார்கெட் தவறியது. அதே இரவில் பக்கத்து சீட்டுக்காரருக்கு மறுப்பு 3, போர்ட்டல் 44. மொத்தம் 47. அவர் செலவிட்டது ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. அவருக்கு இன்சென்டிவ். எனக்கு, இப்படியே போனால் பி.ஐ.பி.யில், அதாவது கெடு வைத்துக் கண்காணிக்கும் பட்டியலில், போடுவோம் என்று மெயில்.

இது தற்செயல் இல்லை. டீம் லீடுக்கு யார் பெயரில் வேண்டுமானாலும் கிளைமைத் தூக்கிப்போடும் உரிமை உண்டு. ஷிஃப்ட் தொடங்கிய முதல் பத்து நிமிடத்திலேயே சுலபமானவை சிலர் பெயருக்குப் போய்விடும். நாங்கள் பட்டனை அழுத்தும்போது அடியில் கிடக்கும் கசடுதான் வரும். எனக்கு முன்னால் ஒரு அக்கா ஹெச்.ஆரிடம் நேரில் போய், "டி.எல். தனக்கு வேண்டியவங்களுக்கே ஈஸியானதைக் கொடுக்கறார்" என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் ஒரு ஷீட்டைத் திறந்து, எல்லோர் பெயருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதானே போயிருக்கிறது என்று காட்டி அனுப்பிவிட்டார்கள். அந்த ஷீட்டில் கிளைம் வகைக்கென்று ஒரு நெடுவரிசையே கிடையாது.

அதனால் பிறகு நான் ஹெச்.ஆருக்கு எழுதிய புகார்க் கடிதத்தில் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சே வரவில்லை. ஒவ்வொரு கிளைமுக்கும் ஹிஸ்டரி என்று ஒரு டேப் இருக்கும். எப்போது க்யூவுக்கு வந்தது, யார் பெயருக்கு, யார் போட்டது, எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் பதிவாகும். அதிலிருந்து எடுத்த கிளைம் எண், வகை, வந்த தேதி, பெயருக்குப் போன நேரம், `Get Next` வழியா கையால் போட்டதா என்று ஐந்து நெடுவரிசை வைத்து ஒரு அட்டவணை போட்டேன். பழைய கிளைம்கள் க்யூவிலேயே நிற்க, முந்தைய நாள் வந்த போர்ட்டல் கிளைம்கள் முந்திக்கொண்டு போனது அந்த வரிசையைப் பார்த்தாலே தெரியும்.

ஒரே ஒரு கிளைமை மட்டும் விரிவாக எழுதினேன். முழங்கால் ஸ்கேன் ஒன்று, `CO-50`. திங்கள் இரவு 7:10-க்கு ஒருவர் திறக்கிறார். "இன்சூரன்ஸுக்கு அழைத்தேன், ஹோல்டில் இருந்தேன், பிறகு தொடர்வேன்" என்று குறிப்பு. 7:13-க்குத் திரும்ப க்யூவுக்கு அனுப்பிவிட்டார். அவர் கணக்கில் ஒன்று ஏறிவிட்டது. செவ்வாய் இன்னொருவர் அதே மாதிரி, கிட்டத்தட்ட அதே வாசகம். வெள்ளி நள்ளிரவு 12:40-க்கு டி.எல். அதை என் பெயரில் போடுகிறார், அப்பீல் கெடு முடிய இரண்டே நாள் இருக்கும்போது. முடித்தது நான். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு எண்ணிக்கை! மூன்று நிமிடத்தில் அந்த இன்சூரன்ஸ் போன் எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. ஆனால் கடிதத்தில் அப்படி எழுதவில்லை. "திங்கள் 7:10 முதல் 7:13 வரை இந்த லாகினிலிருந்து அழைப்பு போயிருக்கிறதா என்று டயலர் பதிவை எடுத்துப் பார்க்கவும்" என்று மட்டும் கேட்டேன். அந்தப் பதிவு என் கைக்கு எட்டாது, ஹெச்.ஆர். கேட்டால் கிடைக்கும். போன் போடவே இல்லை என்று நானே எழுதியிருந்தால், நிரூபிக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்திருக்கும்.

அவர்கள் சொல்லக்கூடிய சாக்குகளுக்கும் முன்கூட்டியே ஒரு பத்தி வைத்தேன். புதிதாகச் சேர்ந்தவருக்குச் சுலபமானதைக் கொடுப்பது நியாயம்தான். இங்கே வாங்கியவர்கள் என்னைவிட சீனியர்கள். எல்லோருக்கும் எல்லா போர்ட்டல் லாகினும் இருக்காது என்பதும் உண்மை; அந்த லாகின்கள் எனக்கும் உண்டு.

சரி, கடிதம் போன பிறகு நடந்ததுதான் எச்சரிக்கைக்கே காரணம். ஹெச்.ஆர். கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஸ்கிரீன்ஷாட் எடுத்தீங்களா?" அட்டவணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நோயாளி விவரத்தை வெளியே கொண்டுபோவது அமெரிக்காவின் 1996 ஹிப்பா சட்டப்படி பெரிய தப்பு. உங்கள் பர்சனல் மெயிலுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தால் போதும், புகார் கொடுத்தவரே குற்றவாளியாகி அன்றைக்கே வெளியே நிற்க வேண்டியதுதான். போனில் ஸ்கிரீனைப் படம் பிடிப்பதும் அதே கதை. என் அட்டவணையில் நோயாளி பெயர், பிறந்த தேதி எதுவும் கிடையாது. ஆபீஸ் மெயிலிலிருந்து ஆபீஸ் மெயிலுக்கே போனது. அந்தக் கேள்வி அங்கேயே நின்றுபோனது.

ஹெச்.ஆர். செய்த இரண்டாவது வேலை, என் கடிதத்தை அப்படியே டி.எல்.லுக்கு ஃபார்வர்டு செய்தது. ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன், அந்த வரியும் சேர்ந்தே போயிருக்கிறது. மறுநாளிலிருந்து கேபில் கூட யாரும் என்னிடம் பேசவில்லை. அப்புறம் ஒரு மீட்டிங், "டீமுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கோங்க" என்று. பேசியதையெல்லாம் அன்றிரவே மெயிலில் எழுதி, "இப்படித்தான் பேசினோம், தவறிருந்தால் திருத்தவும்" என்று அனுப்பினேன். யாரும் திருத்தவில்லை. இப்போது அந்த மெயில் ஒன்றுதான் என் பக்கம் இருக்கும் எழுத்து.

கையால் போடுவது கொஞ்சம் குறைந்தது உண்மை. டயலர் பதிவில் என்ன இருந்தது என்று கடைசி வரை சொல்லவில்லை. எனக்கு வர வேண்டிய இன்சென்டிவ் வரவில்லை. "அடுத்த அப்ரைசலில் பரிசீலிப்போம்" என்று பதில்.

20 பேரும் அதற்கு மேலும் தொழிலாளர்கள் இருக்கும் நிறுவனத்தில் குறைதீர் குழு இருக்க வேண்டும் என்பது தொழில் தகராறு சட்டத்தில் 2010-இல் வந்த திருத்தம்; 2020-இன் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் அது உண்டு, இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள். எங்கள் ஆபீஸில் அப்படி ஒன்று இருக்கிறதா, உறுப்பினர்கள் யார் என்று மெயிலில் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

இன்டர்வியூவில் சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: டார்கெட் வெறும் எண்ணிக்கையா, கிளைம் வகைக்கு எடை உண்டா? முடிக்காமல் க்யூவுக்குத் திருப்பினால் அது யார் கணக்கில் ஏறும்? முன்பே சேர்ந்துவிட்டவர்கள், ஹிஸ்டரி டேபில் எத்தனை நாள் பதிவு தெரிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். எங்களுடையதில் 90 நாள்தான். அக்கா புகார் சொன்ன காலத்துப் பதிவு ஒன்றுகூட இப்போது எடுக்க முடியவில்லை.