மார்ச் மாதத்தில் வங்கியில் 'புது டெபாசிட்' என்று சொன்னால் பேனாவைத் தொடாதீர்கள்

3 லட்சம் ரூபாய். அம்மா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் பல வருடமாகக் கணக்கு வைத்திருக்கும் ஒரு வங்கிக் கிளையில், மார்ச் 26 அன்று அந்த டெபாசிட் முதிர்ந்தது. புதுப்பிக்கத்தான் அம்மா போனார். திரும்பி வந்தபோது பத்து வருடம் பிரீமியம் கட்ட வேண்டிய ஒரு ஆயுள் காப்பீடு அவர் தலையில் கட்டப்பட்டிருந்தது. அது அவருக்கே தெரியாது.

அந்தக் கிளையில் எங்கள் கணக்கைக் கவனித்துக்கொள்ளும் ஆர்.எம். பையனை அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். நவம்பர் தோறும் உயிர்வாழ் சான்றிதழுக்குப் போனால் எழுந்து நாற்காலி போடுவான், செலானைக் கூட அவனே நிரப்பிக் கொடுப்பான். அன்றைக்கும் அப்படித்தான். "அம்மா, சாதா எஃப்.டி.யை விட இதுல வட்டி கூட. இன்ஷூரன்ஸ் ஃப்ரீ. மார்ச் வரைக்கும்தான் இந்த ஸ்கீம்." அம்மா மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார், போனில் வந்த ஓ.டி.பி.யைப் படித்துச் சொன்னார். "கம்பெனியிலிருந்து ஒரு கால் வரும், எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடுங்க, இல்லேன்னா இந்த ரேட் போயிடும்" என்றானாம். ஒருவர் வாங்குவது என்னவென்று புரிந்துதான் வாங்குகிறாரா என்று கேட்பதற்காகவே இருக்கும் அழைப்பு அது!

பாலிசி மார்ச் 29 அன்று மெயிலில் வந்திருக்கிறது. அம்மா மெயிலைத் திறப்பதே இல்லை. சித்திரை முதல் நாள் வீட்டுக்குப் போனபோது நான்தான் பார்த்தேன். வருடத்துக்கு 3 லட்சம், பத்து வருடம். அம்மாவின் பென்ஷன் மாதம் 28,000, அதாவது வருடத்துக்கு 3,36,000. விண்ணப்பத்தில் ஆண்டு வருமானம் 12 லட்சம் என்று எழுதியிருந்தது. அதை எழுதியது அம்மா அல்ல.

பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், இடைப்பட்ட நாட்களுக்கான காப்பீட்டுச் செலவு, முத்திரைக் கட்டணம் மாதிரி சிலவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஃப்ரீ லுக் என்பார்கள். எங்களுக்கு ஏப்ரல் 28 வரை நேரம் இருந்தது. 15-ஆம் தேதியே கடிதத்தோடு போய் நின்றேன். "எங்ககிட்ட கொடுங்க சார், நாங்களே அனுப்பிடுறோம்" என்று வாங்கி வைத்துக்கொண்டான். ரசீது கேட்கவில்லை, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அப்புறம் போனால் சிஸ்டத்தில் ஏறவில்லை என்றான். அடுத்த முறை அவன் லீவு. அதற்கடுத்த முறை மேனேஜர் ஆடிட்டில் இருந்தார். 27-ஆம் தேதி "சொல்லிட்டேன் சார், கவலைப்படாதீங்க." 30-ஆம் தேதி அதே வாய், "ஃப்ரீ லுக் முடிஞ்சிடுச்சே சார்" என்றது.

ஏன் இந்த இழுத்தடிப்பு என்பது காத்திருந்த ஒரு நாளில் புரிந்தது. மேனேஜர் அறைக்குள் வெள்ளைப் பலகை, மேலே 'பாங்காக்', கீழே ஊழியர் பெயர்கள், பெயருக்கு எதிரே லட்சங்கள். நம்ம பையன் இரண்டாம் இடம். இந்த வேலையிலிருந்து வெளியே வந்த நண்பர் ஒருவர் விளக்கினார். ஜனவரி முதல் மார்ச் வரை யார் அதிகம் பாலிசி விற்பது என்று போட்டி, ஜெயித்தால் பாங்காக் டிக்கெட். மார்ச் 31-க்குள் பாலிசி இஷ்யூ ஆனால்தான் கணக்கு. ஃப்ரீ லுக்கில் ரத்தானால் அந்தத் தொகை கழிந்துவிடும், டிக்கெட் போய்விடும். அதனால் 30 நாள் ஓடும்வரை வாடிக்கையாளரை அலையவிடுவதுதான் வேலையாம். அடுத்த வருடம் இரண்டாவது பிரீமியம் வருகிறதா என்று, அதாவது பதின்மூன்றாம் மாதத்தில், நிறுவனம் பார்க்கத்தான் செய்யும். ஆனால் அதற்குள் அவன் பாங்காக் போய்விட்டு வந்திருப்பான், கிளையும் மாறியிருக்கும். பத்து வருடப் பிரீமியத்துக்கும் ஒற்றைப் பிரீமியத்துக்கும் போட்டியில் ஒரே மதிப்பெண் கிடையாதாம். வருடா வருடம் கட்டும் பாலிசிக்குத்தான் மவுசு. கையில் மொத்தமாக 3 லட்சம் வைத்திருக்கும் பென்ஷன்காரரிடம் அதைத் தள்ளியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பாலிசியைப் பாதியில் விட்டு சரண்டர் செய்யலாமா என்றால் முதல் வருடம் முடியட்டும் என்கிறார்கள். அப்போதும் கிடைக்கும் என்று சொன்ன தொகை 3 லட்சத்துக்குப் பக்கத்திலேயே இல்லை.

சரி, அவசரமாகச் சில விஷயங்கள். ரத்துக் கடிதத்தைக் கிளையில் கொடுக்காதீர்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கே மெயில் அனுப்புங்கள், தேதி அதிலேயே இருக்கும். படிவத்தில் 'பிரீமியம் கட்டும் காலம்' என்ற வரி இருந்தால் அது எஃப்.டி. இல்லை. சரிபார்ப்பு அழைப்பில் "இது டெபாசிட் இல்லையா?" என்று நீங்களே கேளுங்கள். வருமானம் என்ற கட்டத்தை நீங்களே நிரப்புங்கள்.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு நேற்று எழுதியிருக்கிறேன், 12 லட்சம் என்ற அந்தப் பக்கத்தையும் இணைத்து. சரியான பதில் வராவிட்டால் அடுத்தது சென்னையிலேயே இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன். இதற்குள் அந்தக் கிளையிலிருந்து அம்மாவுக்கு மறுபடி போன் வந்தது, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று.