பாரிசில் வழி கேட்க: 'பூர் அலே'யா, 'ஸே பார் லா'வா?

பிரெஞ்சில் வழி கேட்க இரண்டு முறைகள் பழகி வைத்திருந்தேன். ஒன்று, 'பூர் அலே ஆ லா ஷப்பெல், சில் வூ ப்ளே?' லா ஷப்பெல் மெட்ரோ நிலையத்துக்கு எப்படிப் போவது என்று பொதுவாகக் கேட்பது. மற்றது, கையை நீட்டி 'லா ஷப்பெல், ஸே பார் லா?' அந்தப் பக்கம்தானே என்று உறுதி கேட்பது. எதில் தொடங்கினாலும் முதலில் 'போன்ழூர்', அப்புறம் 'எக்ஸ்க்யூஸே முவா'. 'போன்ழூர்' சொல்லாமல் நேரே கேள்விக்குப் போனால் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். அதோடு மரியாதை விஷயம் முடிந்தது. இரண்டு கேள்விகளுமே பண்பானவைதான்.

வித்தியாசம் பதிலில் இருக்கிறது. தொடக்கத்தில் இரண்டாவதுதான் சுலபம் என்று நினைத்தேன். ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை வந்தால் போதுமே. நாம் காட்டிய திசை சரி என்றால் அது நன்றாகவே வேலை செய்கிறது; 'வுய்' என்றதும் நடக்கலாம். தவறான திசையைக் காட்டிவிட்டால்தான் சிக்கல். கார் து நோர் ரயில் நிலையத்தின் முன்வாசலில் நின்று வலப்பக்கம் காட்டிக் கேட்டேன். 'நோன்' என்று தொடங்கி ஒரே மூச்சில் பதில் வந்தது: 'ஆ கோஷ், புய் ஆங்கோர் ஆ கோஷ், எ தூ த்ருவா, ஓ பூ து லா ர்யூ.' இடது, மறுபடி இடது, பிறகு நேராக, தெருக்கோடி. நான் 'நோன்' என்பதைச் செரித்துக்கொண்டிருந்தபோதே மீதி ஓடிவிட்டது. கோஷ் இரண்டு முறை வந்தது புரிந்தது. கடைசியில் வந்த 'த்ருவா'வை வலது என்று எடுத்துக்கொண்டேன். இரண்டாவது இடதில் ர்யூ து ஃபோபூர் சேன் தெனியில் ஏறி, நடுவில் வலப்புறம் வந்த ர்யூ காய் தெருவில் திரும்பிவிட்டேன். தமிழ்க் கடைகள் தெரிந்ததால் சரியான வழி என்றே நம்பினேன். மெட்ரோ மட்டும் வரவில்லை.

அன்று புரிந்தது இதுதான். வலது என்பது 'த்ருவாத்': கடைசி 'த்' வாயில் வெடித்து விழும். நேராக என்பதில் வருவது 'த்ருவா': எழுத்தில் 't' இருந்தாலும் உச்சரிப்பில் இல்லை. ஆனால் வண்டிச் சத்தத்தில் அந்தக் கடைசி 'த்' காதுக்கு எட்டாமல் போவது சகஜம். அதனால் நான் இப்போது முன்னால் வரும் சொல்லைத்தான் பிடிக்கிறேன். வலப்பக்கம் திரும்பச் சொன்னால் குட்டியாக ஒரு 'ஆ' வரும்: ஆ த்ருவாத். நேராகப் போகச் சொன்னால் 'தூ' வரும்: தூ த்ருவா. 'தூ' காதில் விழுந்தால் எங்கும் திரும்பக் கூடாது.

'ஓ பூ து லா ர்யூ'வும் அப்படித்தான். தெரு முடியும் வரை போ என்று பொருள். வழியில் வரும் சந்துகள் கணக்கில் இல்லை. இந்த வழியில் அதற்கு நல்ல அடையாளமும் உண்டு. தெருக்கோடியில் லா ஷப்பெல் மெட்ரோ தூண்கள் மேல் நிற்கிறது, ரயில் தலைக்கு மேலே ஓடும். அது கண்ணில் படாதவரை நாம் இன்னும் 'பூ'வுக்கு வரவில்லை. ஒரு எச்சரிக்கை: 'ஓ பூ து'வுக்குப் பின்னால் நிமிடக் கணக்கு வந்தால், அது இடத்தை அல்ல, நேரத்தைச் சொல்கிறது. 'ஓ பூ து சேங்க் மினூத்' என்றால் ஐந்து நிமிடம் கழித்து.

இப்போது நான் 'பூர் அலே' பக்கம். அதில் வினைச்சொல்லைத் திரிக்க வேண்டியதில்லை. இடத்தின் பெயரைச் சேர்த்தால் போதும். பதில் சொல்பவரும் முதலடியிலிருந்து தொடங்குகிறார், 'வூ ப்ரெனே ஆ கோஷ்...' என்று. பதில் நீளமாகத்தான் வரும் என்று தெரிந்து காது தயாராக இருக்கும். 'நோன்' என்று முதலில் ஒரு தடங்கல் இல்லை. பதில் முடிந்ததும் திருப்பிச் சொல்கிறேன்: 'தோங்க், ஆ கோஷ், ஆங்கோர் ஆ கோஷ், எ தூ த்ருவா, ஸே ஸா?' தவறாகப் பிடித்திருந்தால் அங்கேயே திருத்துவார்கள். நேராக என்று சொல்லும்போது கையை முன்னால் நீட்டிக் காட்டுவார்கள். அதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

'ஸே பார் லா'வை முழுக்கக் கைவிடவில்லை. பாதி வழி நடந்த பிறகு, சரியான தெருவில்தான் இருக்கிறோமா என்று பார்க்க அதுவே போதும். ஊர்ப்புறங்களில் நான் வழி கேட்டது ஓரிரண்டு முறைதான், அங்கே எது எடுபடும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். பாரிசில் புதிய இடத்துக்கு முதல் கேள்வி என்றால், 'பூர் அலே' என்றுதான் கேட்பேன்.